அத்தானின் கையும் என் சார்ஜர் பெட்டியும்

என் அக்காவின் கணவருக்குக் கண்ணால் பார்ப்பதில் பாதி நம்பிக்கைதான். காதால் கேட்பதில் அதுவும் கிடையாது. எதையும் தொட்டுப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். அக்காவுக்குக் காய்ச்சலா, பால் ஆறிவிட்டதா, இஸ்திரிப் பெட்டி பட்டுப்புடவைக்குத் தாங்குமா, குளிக்கத் தண்ணீர் பதமாக இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அத்தானின் வலது உள்ளங்கைதான் கோர்ட்டு. அது தீர்ப்புச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு இல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை நான் வாங்கிவந்து அலமாரியில் வைத்தேன். அது அங்கேயே தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கையால்தான் அவர் ஆளானார். பேக்கரியில் தட்டுக் கழுவச் சேர்ந்தவர், மாவு பிசைந்து, பன் உருட்டி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் போய் நின்று மாஸ்டர் ஆனார். செங்கல் வைத்துக் கட்டிய பழைய அடுப்பு அது. அதன் வாய்க்குள் கையை நீட்டி, மனதுக்குள் எண்ணுவார். எத்தனையாவது எண்ணில் கை தானாகப் பின்வாங்குகிறதோ, அதை வைத்து ரொட்டி போடலாமா, பிஸ்கட் போடலாமா, இன்னும் எரிக்க வேண்டுமா என்று முடிவு செய்வார். எனக்கு அவர் படிப்பில்லாதவர் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அவருடைய வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை. நான் வீட்டிலிருந்தே டைப் அடித்துப் பிழைக்கிறேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் டைப்பு. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கையா பஞ்சு மிட்டாயா என்று விருந்தாளிகளிடமெல்லாம் கேட்பார். கொழுந்தியாளைச் சீண்டுவது அத்தான்களின் பிறப்புரிமை என்று அவருக்கு நினைப்பு.

கொஞ்ச காலமாக அவருக்குப் பேக்கரியில் நேரம் சரியில்லை. ரொட்டி அடிப்பக்கம் கருகியது. ஒருதரம் என்றால் யாருக்கும் நடக்கும். மறுபடியும் மறுபடியும் நடந்தது. மாவு சரியில்லை என்றார், விறகு ஈரம் என்றார், பிறகு விறகு ரொம்பக் காய்ந்துவிட்டது என்றார். முதலாளி ஒன்றும் சொல்லாமல் அடுப்புக் கதவில் வட்டமாக, முள் வைத்த வெப்பமானி ஒன்றைப் பொருத்தினார். அத்தான் தன் துண்டை எடுத்து அதன் மேலே தொங்கவிட்டுவிட்டு வழக்கம்போல் கையை நீட்டி எண்ணினார். அன்றைக்கும் கருகியது. இன்னும் ஒருமுறை இப்படியானால் அடுப்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் முன்பக்கம் வந்து கல்லாவில் உட்காருங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கல்லா என்றால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அத்தானுக்கு அது, செத்தவனுக்குச் செய்யும் மரியாதைபோல இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை விரித்துக் காட்டி, இந்தக் கையை நம்பாமல் ஒரு முள்ளை நம்புகிறான் பார் என்று அக்காவிடம் பொருமினார். அக்கா குழம்பை ஊற்றினாள். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டதே ஒரு மாஸ்டரைத்தான். கல்லாவில் உட்காரும் ஒருவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

என் சார்ஜர் விவகாரம் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான்.

என் வேலை, கூட்டங்களிலும் பேட்டிகளிலும் பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் மத்தியானம் சாப்பிடத்தான் கழற்றுவேன். வீடே இடிந்தாலும் எனக்குக் கேட்காது. துணி மடித்துக்கொண்டிருந்த அக்காதான் ஒருநாள் என் தோளைத் தட்டி, உன் கறுப்புப் பெட்டி முனகுகிறது என்றாள். லேப்டாப் வயரின் நடுவில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு பெட்டி இருக்கிறதே, அதைச் சொன்னாள். அது சோபாவில் இரண்டு மெத்தைத் தலையணைகளுக்கு நடுவே கிடந்தது. எடுத்தேன். சுட்டது. கையை உதறிக்கொண்டு கீழே போட்டேன்.

அத்தான் அன்று வீட்டில் இருந்தார். வந்து, பெட்டியைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இதுக்கா இந்த ஆட்டம் என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தெருமுனையில் லேப்டாப் பழுதுபார்க்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் குத்தியிருப்பதால் அவரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்பார்கள். அவர் பதறவில்லை. சுவரிலிருந்து வரும் கரண்டை லேப்டாப்புக்கு ஏற்ற மாதிரி குறைத்துக் கொடுக்கிற பெட்டி அது, அந்த வேலையில் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும், தலையணைக்கு நடுவில் வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் ஏறும், முதலில் வெறுந்தரையில் வையுங்கள் என்றார். சத்தம் எங்கிருந்து கேட்கிறது என்று விசாரித்தார். காதை ஒட்டி வைத்தால் மட்டும் மெல்லிய ரீங்காரம் என்றால் பரவாயில்லை, உள்ளே இருக்கிற சுருள் அதிருகிற சத்தம் அது. உட்கார்ந்த இடத்திலேயே கேட்டாலோ, பொரிகிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்டாலோதான் வம்பு என்றார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். அன்றைக்குக் குனிந்தால்தான் எனக்குக் கேட்டது. அக்காவுக்குப் பாம்புச் செவி.

பிறகு ஒரு சோதனை சொன்னார். பேட்டரி நிறைந்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுங்கள், சார்ஜர் சுவரிலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தொடுங்கள். வேலையே இல்லாதபோது அது லேசான வெதுவெதுப்புக்கு இறங்கியிருக்க வேண்டும். வேலை நடக்கும்போதும், வைத்த கையை வைத்தபடி வைத்திருக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்படியே செய்தேன். தரையில் வைத்து, லேப்டாப்பை அணைத்து, காத்திருந்து தொட்டேன். எனக்கு அப்போதும் சுட்டது. அக்காவை அழைத்தேன். அவள் ஈரக் கையோடு வந்து தொட்டுவிட்டு, தெரியலையேடி, அவரைக் கேளு என்றாள். அத்தான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கும் அக்காவுக்கும் ஏதோ பழைய கதை ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை.

"வெதுவெதுன்னுதான் இருக்கு. இதுக்கு மேல என்ன சோதனை வேணும் உன் ஸ்க்ரூவுக்கு?"

ஸ்க்ரூ அண்ணனிடம் சொன்னேன். யார் தொட்டுப் பார்த்தது என்று கேட்டார். மாஸ்டர் என்றேன். அவரும் அந்தப் பேக்கரி ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்தானே. மாஸ்டரே சொல்லிட்டாரா, அப்போ ஒன்றுமில்லை, சிலருக்குக் கை மெல்லிசு என்று போனை வைத்துவிட்டார். என் கையில் சுட்டதை நானே நம்பாமல் போனேன். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் முனகல் வளர்ந்தது. ஹெட்போனைக் கழற்றினால் நாற்காலியிலேயே கேட்டது. லேப்டாப்பின் மூலையில் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் குறி வந்து வந்து மறைந்தது. ஒரு மத்தியானம் அக்கா அடுப்படியிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, எங்கேயோ பிளாஸ்டிக் கருகுது என்றாள். நான் சுவிட்சை அணைத்துப் பிடுங்கினேன். பெட்டியின் ஒரு விளிம்பு பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது.

அத்தானுக்கு அன்று விடுமுறை. ஸ்க்ரூ அண்ணன் கடைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினார். தீர்ப்பைக் கேள்வி கேட்கிறார்கள் அல்லவா, கோர்ட்டு நேரில் ஆஜராகிறது என்று நான் கேலி செய்தேன். தெருவில் நடக்கும்போது ஒரு செருப்பு காலைவிட்டு நழுவிப் பின்னால் கிடந்தது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே போனார். இப்போதெல்லாம் இது வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்க நின்று நின்று கால் மரத்துப்போகிறது என்பார். செருப்பை எடுத்துக்கொடுத்துவிட்டு, இனிமேல் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறேன் அத்தான் என்றேன். அவரும் சிரித்தார்.

ஸ்க்ரூ அண்ணன் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற கெபாசிட்டர் போயிருக்கும் என்றார். திறந்து பார்க்க மாட்டீர்களா என்றேன். ஒட்டி மூடிய பெட்டி, உடைத்துத்தான் திறக்க வேண்டும், பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும், இதையெல்லாம் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவதுதான் என்றார். அத்தான் விடவில்லை. நல்லா இருக்கிற சாமானைக் குப்பையில் போடச் சொல்றீங்களே என்று ஆரம்பித்தார். அன்று நான் கைவைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்றார். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. சார்ஜருக்காக அவர் வாதாடவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மாஸ்டரிடம் சண்டை போட ஸ்க்ரூ அண்ணனுக்கு மனமில்லை. நீங்களே பாருங்க என்று, அதே மாதிரி நல்ல சார்ஜர் ஒன்றை எடுத்தார். என்னுடையதை ஒரு லேப்டாப்பிலும் நல்லதை அதே ரக லேப்டாப் இன்னொன்றிலும் மாட்டி, இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் அருகருகே வைத்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தார். என்னுடையது முனகியது, நடுநடுவே பொரிந்தது. மற்றது வாயே திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவர் வந்து இரண்டையும் தொட்டார். நல்லதன் மேல் கை தங்கியது. என்னுடையதில் பட்டதும் துள்ளி எடுத்துவிட்டார். நானும் தொட்டேன். ஒன்று, சற்றுமுன் யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலிபோல் இருந்தது. என்னுடையதில் விரலை வைக்க முடியவில்லை.

அத்தான் இரண்டு கையையும் இரண்டு பெட்டிகளின் மேல் வைத்தார். வலது கை என்னுடையதன் மேல். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அடுப்பின் முன்னால் அப்படித்தான் மூடிக்கொள்வார். உதடு மெல்ல அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றார்.

ஸ்க்ரூ அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். கேலி செய்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதும் கையை எடுக்கவில்லை. ஸ்க்ரூ அண்ணன் சட்டென்று சுவிட்சை அணைத்தார்.

"மாஸ்டர், கையை எடுங்க. மொதல்ல எடுங்க."

எடுத்தார். உள்ளங்கையில் பெட்டியின் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. ஸ்க்ரூ அண்ணன் அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கையைப் பிடித்தார். வலிக்குதா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். அதை வழக்கம்போல் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கருகிய ரொட்டிகள் எல்லாம் எனக்கு அந்த இடத்தில் விளங்கின. கை சுடவில்லை, அதனால் அடுப்பு சூடாகவில்லை என்று நினைத்து இன்னும் விறகைத் தள்ளியிருக்கிறார். மாவும் சரிதான், விறகும் சரிதான். அவருக்கும் அதே நேரத்தில் விளங்கிவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

மாலைக்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்று காய்ப்பு ஏறிய கை டாக்டர், அதனால்தான் என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். டாக்டர் அத்தானைக் கண்ணை மூடச் சொல்லிக் கையிலும் காலிலும் எதையெதையோ வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். காலில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. நழுவிய செருப்புக்கு இதுதான் காரணம். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது, எத்தனை காலமாகவோ. காய்ப்பு என்று நாங்கள் கொண்டாடியது, உண்மையில் சர்க்கரையால் நரம்பு செத்துப்போனது.

திரும்ப வருமா என்று அக்கா கேட்டாள். மேற்கொண்டு போகாமல் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. நெருப்புப் பக்கம் போகாதீர்கள், சுட்டாலும் வெட்டினாலும் உங்களுக்குத் தெரியாது, கையையும் காலையும் தினமும் கண்ணால் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கண்ணால் பார்க்கச் சொன்னது எனக்குத்தான் குத்தியது. அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு மட்டும் இருந்தார்.

என் சங்கதி சுலபமாக முடிந்தது. பழைய பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த வோல்ட் அளவு அப்படியே, ஆம்பியர் குறையாமல், முனை பொருந்துகிறதா என்று பார்த்து ஸ்க்ரூ அண்ணன் புதிது ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். மாட்டினேன், வேலை செய்தது. கெட்டுப்போனதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவது எவ்வளவு சின்ன விஷயம் என்று நினைக்கவே எனக்குக் கோபம் வந்தது.

கொப்புளம் ஆறும்வரை அத்தான் வீட்டில் இருந்தார். அக்கா அவர் பார்க்காதபோது அழுதாள், பார்க்கும்போது அதட்டினாள். பேக்கரிக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முதலாளிக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கை புண் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அந்த வெப்பமானியைப் பார்த்துப் பார்த்தே வேலையை ஓட்டிவிடலாமே, துண்டை எடுத்துவிட்டால் போதுமே என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். முள்ளு சூட்டைச் சொல்லும்டி, அவர் கை அடுப்புக்குள்ள எரிஞ்சா யார் சொல்வா என்றாள்.

பேக்கரிக்குப் போக வேண்டிய அன்று காலையில் அவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். வாசலில் உட்கார்ந்து செருப்பின் வாரை இழுத்துக் கட்டி, கட்டியதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அக்கா கதவருகிலேயே நின்றாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆனால் எதையும் ஓடவிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார். நேராக என் மேசைக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். புதுச் சார்ஜர் அங்கேதான் கிடந்தது. பழக்கதோஷத்தில் கையை அதன் மேல் வைத்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டாராம். சர்க்கரை, நரம்பு, கருகியதற்குக் காரணம், எதையும் மறைக்கவில்லையாம். அடுப்பு இனி நமக்கு வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொன்னாராம். நல்ல காரியம் செய்தீர்கள் அத்தான் என்றேன். என் காதுக்கே அது உப்புச்சப்பில்லாமல் விழுந்தது. முதலாளி என்ன சொன்னார் என்று அக்கா கேட்டாள்.

அத்தான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னாரு. அடுத்த வாரத்துலேர்ந்து கல்லாவுக்கு வந்துடுங்கன்னாரு. அடுப்புக்கு ஏற்கெனவே ஆள் சொல்லி வெச்சிருக்காரு போல." தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை. "ஒரு பேச்சுக்குக்கூட, 'இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்க மாஸ்டர்'னு சொல்லலை."

அக்கா என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேரின் பேச்சைக் கேட்டு எழுதுகிறவள் நான். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார். நீ வேலையைப் பார் டைப்பு என்றார்.